இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெட்டு

"வணக்கம். உங்களிடம் வாங்கிய மானிட்டரில் டிஸ்ப்ளே சரியில்லை. படம் தள்ளித் தெரிகிறது. ஓரத்தில் கறுப்பாக இருக்கிறது. உடனே மாற்றித் தரவும்."

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுதும் பெண், இணையத்தில் வாங்கிய புது மானிட்டரைப் பற்றி விற்பனையாளருக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த மின்னஞ்சல் இது. என்னைக் கூடப் பிறந்த அண்ணனாக நினைத்துப் பழகுகிறவர். மானிட்டர், பிரிண்டர் பழுது பார்க்கிற கடையில் நான் சில வருடங்கள் இருந்தவன் என்பதால், அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்றேன்.

காரணம், இந்த மாதிரிக் கடிதத்துக்கு என்ன நடக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் "படம் தள்ளித் தெரிகிறது" என்ற சொற்களைப் பார்த்ததும், தயாராக வைத்திருக்கும் பதிலை அனுப்புவார்: கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், செட்டிங்கை மாற்றிப் பாருங்கள். நாம் விடாமல் கேட்டால் டெக்னீஷியன் வருவார். மானிட்டரின் அடியில் இருக்கும் ஒரு பட்டனை அழுத்துவார். படம் தன் இடத்துக்கு வந்து உட்காரும். 'புகார் தீர்க்கப்பட்டது' என்று பதிந்துவிட்டுப் போவார். ஓரத்து இருட்டு அங்கேயேதான் இருக்கும். அதைப் பற்றித் திரும்பவும் எழுதும்போது, மாற்றித் தரும் கெடு முடிந்திருக்கும்.

"ஏனுங்கண்ணா, படம் தள்ளிப் போனதாலதானுங்களே ஓரம் கறுப்பா இருக்குது? ரெண்டும் ஒரே கோளாறுதானுங்களே?" என்று கேட்டார். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். படம் வலப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம் காலியாகும், காலியான இடம் கறுப்பாகத் தெரியும். கணக்குச் சரியாகத்தான் வருகிறது. அளந்து பார்க்கும்வரை.

அவர் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 23.8 அங்குல மானிட்டர், 1920 × 1080 பிக்சல். பழைய சிபியு, அதில் நீலத் தலை வைத்த விஜிஏ கேபிள் மட்டும்தான் போகும். திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரம் இருக்குமே, அதில் கடைசி எழுத்துகள் விளிம்புக்கு அப்பால் போய்விட்டன. மணி தெரிகிறது, காலையா மாலையா என்பது தெரியவில்லை. இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை. கணக்கு மென்பொருளில் தேதி எழுதும் கட்டத்தின் முதல் எண் அந்தப் பட்டைக்குள் போய்விடுகிறது.

படம் நகர்வது ஏன் என்பதை முதலில் பார்த்துவிடலாம். விஜிஏ என்பது 1987இல் ஐபிஎம் கம்ப்யூட்டர்களோடு வந்த இணைப்பு. அது பிறந்த காலத்தில் திரை என்றால் கண்ணாடிக் குழாய்த் திரைதான். ஒவ்வொரு வரியையும் வரைந்து முடித்ததும், கதிர் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி வர நேரம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரியோடும் கொஞ்சம் வெற்று நேரத்தையும் சேர்த்தே அனுப்பினார்கள். அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. 1920 பிக்சல் அகலப் படத்துக்கான வழக்கமான சிக்னலில் ஒரு வரிக்கு 2200 பிக்சல் அளவு நேரம் ஒதுக்கப்படுகிறது. அதில் 280 வெறுமை. அந்த வெறுமை எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று விஜிஏ கேபிள் மானிட்டருக்குச் சொல்வதில்லை. மார்ஜின் கோடு போடாத தாளில் எழுதுகிறவர் போல, மானிட்டர்தான் ஓர் ஊகத்தில் தொடங்க வேண்டும். ஊகம் தவறினால் படம் முழுசாக ஒரு பக்கம் நகரும். எச்டிஎம்ஐ கேபிளில் இந்தச் சிக்கல் கிடையாது. படம் இருக்கும் இடம் எது, வெறுமை எது என்ற தகவல் அதில் கூடவே வருகிறது.

விஜிஏவுக்கு மருந்தாகத்தான் மானிட்டர் மெனுவில் `Auto Adjust` என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது திரையில் வெளிச்சமுள்ள முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் தேடி, அவற்றை வைத்துப் படத்தின் ஓரங்களைக் கணிக்கும். ஓரமே கறுப்பாக இருந்தால் பாவம், அது எதைப் பிடிக்கும்? இந்தப் பெண்ணும் அந்தப் பட்டனைப் பலமுறை அழுத்தியிருக்கிறார், சரியாகவில்லை. அவருடைய முகப்புத் திரையில் கறுப்புப் பின்னணியில் முருகன் படம். வெள்ளையான ஒரு பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னேன். ஆனால் உடனே வேண்டாம், முதலில் இப்போதுள்ள நிலையை அளந்துவிடலாம் என்றேன். சரி செய்த பிறகு, முன்னால் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது.

அளப்பதற்குக் கோடு போட்ட ஒரு படம் போதும். 1920 × 1080 அளவில் வெள்ளைப் படம் ஒன்றை பெயின்ட் நிரலில் உருவாக்கி, பத்துப் பிக்சலுக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் போட்டு, 0, 10, 20 என்று எண் எழுதி அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். திரை முழுக்க விரித்துப் பார்க்கும்போது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் விழும். இந்த மானிட்டரின் திரை அகலம் ஏறத்தாழ 527 மில்லிமீட்டர். அதை 1920ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.27 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

வலப்பக்கம் 1880ஆம் கோடுதான் கடைசியாகத் தெரிந்தது. 1890, 1900, 1910 மூன்றும் காணவில்லை. மீதி இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் சுமார் 30 பிக்சல் நகர்ந்திருக்கிறது, அதாவது 8 மில்லிமீட்டர். அப்படியானால் இடப்பக்கம் காலியாகத் தெரிய வேண்டிய பட்டையும் 8 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், அதை அடுத்து 0 என்ற கோடு தொடங்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பட்டை 14 மில்லிமீட்டர். 0 கோடும் இல்லை, 10ம் இல்லை, 20ம் இல்லை. 30 என்ற கோடுதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது.

நகர்வு 8, இருட்டு 14. மிச்சமுள்ள 6 மில்லிமீட்டருக்கு நகர்வு பொறுப்பாக முடியாது. அங்கே படம் இருந்திருக்க வேண்டும், இருந்தும் தெரியவில்லை. அப்போதுதான் இரண்டும் வேறு வேறு கோளாறு என்பது அவருக்கும் புரிந்தது.

இன்னொரு அறிகுறியும் இருந்தது. படம் நகர்ந்ததால் மட்டும் வரும் கறுப்பு, ஸ்கேல் வைத்து வெட்டியது போல நேர்க்கோட்டில் முடியும். இங்கே பட்டையின் உள் ஓரம் நிழல் போலக் கரைந்துகொண்டு போனது.

பிறகு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து `Auto Adjust` அழுத்தினார். வலப்பக்கம் 1910ஆம் கோடு வந்துவிட்டது, கடிகாரமும் முழுசாகத் தெரிந்தது. இடப்பக்கப் பட்டை மட்டும் துளி அசையவில்லை, அதே 14 மில்லிமீட்டர். இப்போது 0 முதல் 50 வரை ஆறு கோடுகள் அதற்குள். கடையிலிருந்து மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துப் பார்த்தார். அதிலும் அதேதான். கம்ப்யூட்டர் மாறிவிட்டது, கேபிள் மாறிவிட்டது, பட்டை மாறவில்லை.

இந்த இடத்தில் பலரும் செய்யாத ஒரு சோதனையைச் செய்யச் சொன்னேன். புகார்க் கடிதத்துக்கு இதைவிடப் பலமான சாட்சி கிடையாது. மானிட்டரின் மெனு இருக்கிறதே, வெளிச்சம் கூட்டக் குறைக்கத் திறப்போமே, அதை வரைவது கம்ப்யூட்டர் அல்ல, மானிட்டரே. அந்த மெனுவைத் திரையில் நகர்த்தவும் பெரும்பாலான மானிட்டர்களில் வசதி உண்டு, `OSD H. Position` என்றோ அதை ஒட்டியோ பெயர் இருக்கும். மெனுவை இடப்பக்க ஓரத்துக்குக் கொண்டுபோனார். மெனுவின் இடது ஓரமும் அந்த இருட்டுக்குள் போய் மறைந்தது. இதற்குப் பிறகு கிராபிக்ஸ் டிரைவர், விண்டோஸ் செட்டிங் என்று எதையும் யாரும் காரணம் காட்ட முடியாது. மெனு அவற்றின் வழியாக வருவதில்லை.

கடைசியாக ஒரு டார்ச். விளக்கை அணைத்துவிட்டு, பட்டையின் மேல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். 10, 20, 30 என்ற எண்கள் மங்கலாகத் தெரிந்தன. திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் பேக்லைட் வெளிச்சத்தை மறைத்தும் விட்டும்தான் படம் காட்டுகிறது. வெளியிலிருந்து ஒளி போட்டால் படம் தெரிகிறது என்றால், அங்கே படம் உருவாகிறது, பின்னாலிருந்து வெளிச்சம்தான் வரவில்லை என்று பொருள். டார்ச் போட்டும் ஒன்றும் தெரியாவிட்டால் பேனலின் மீதே சந்தேகப்பட வேண்டும்.

வெளிச்சம் ஏன் வரவில்லை? ஓரத்தில் வைத்த எல்இடிகளின் ஒளியைத் திரை முழுக்கப் பரப்பப் பின்னால் மெல்லிய தாள்களும் பலகையும் உண்டு. வழியில் பெட்டி விழுந்து அவை நகர்ந்திருக்கலாம். எல்இடி வரிசையிலேயே கோளாறு இருக்கலாம். திறக்காமல் சொல்ல முடியாது, திறந்தால் வாரன்டி கேள்விக்குள்ளாகும். அதனால்தான் கடிதத்தில் காரணம் எழுத வேண்டாம் என்றேன். "கூரியரில் போட்டு உடைத்துவிட்டார்கள்" என்று எழுதினால் பேச்சு கூரியர் பக்கம் திரும்பும். பெட்டியில் நசுங்கல் இருந்ததா, வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கண்ணால் கண்டது, ஸ்கேலால் அளந்தது, இவை இரண்டும் போதும். நகர்ந்த படத்தைப் புகாரில் சேர்க்கவே இல்லை. அது தீர்ந்துவிட்டது, சேர்த்தால் அதற்குத்தான் பதில் வரும்.

படம் எடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அறை வெளிச்சமாக இருந்தால் ஜன்னலின் பிரதிபலிப்பு பட்டையை மறைத்துவிடும். பிளாஷ் கூடாது. திரையில் வெறும் வெள்ளை இருந்தால் செல்போன் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிடும், பட்டை சாதாரண விளிம்பு போலத் தெரியும். எண் போட்ட கோடுகள் இருப்பதால் எது மறைந்திருக்கிறது என்பதை யாரும் எண்ணிப் பார்த்துவிடலாம். சட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு படம், மெனு இருட்டுக்குள் போகும் படம், பின்பக்க ஸ்டிக்கரில் மாடலும் சீரியல் நம்பரும் தெரிய ஒரு படம், நடுவில் வெட்டாத சிறு வீடியோ ஒன்று. கோப்புகள் பெரிதானால் மின்னஞ்சல் திரும்பி வந்துவிடும். ஜிமெயிலில் 25 எம்.பி.தான் வரம்பு.

பிறகு இப்படி எழுதினோம்:

> பொருள்: குறைபாடுள்ள மானிட்டர், மாற்றித் தரக் கோரிக்கை, ஆர்டர் எண் (…)
>
> ஐயா / அம்மையீர்,
>
> (தேதி) அன்று மேற்கண்ட ஆர்டரில் வாங்கிய (மாடல்) மானிட்டர் (தேதி) அன்று எனக்கு வந்து சேர்ந்தது. சீரியல் நம்பர் (…). இன்வாய்ஸ் இணைத்துள்ளேன்.
>
> திரையின் இடது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, 14 மி.மீ. அகலத்துக்கு இருண்ட பட்டை உள்ளது. அந்த இடத்தில் வரும் எழுத்தும் எண்ணும் படிக்க முடிவதில்லை. மானிட்டரை முதன்முதலாகப் போட்ட நாளிலிருந்தே இப்படி இருக்கிறது.
>
> கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்த்துவிட்டேன். ஒரு கம்ப்யூட்டரில் விஜிஏ கேபிள் வழியாகவும், வேறொரு மடிக்கணினியில் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவும் இணைத்துப் பார்த்தேன். இரண்டிலும் தெளிவளவு 1920 × 1080. மானிட்டரை Factory Reset செய்தேன், விஜிஏவில் Auto Adjust செய்தேன். பட்டையின் இடமும் அகலமும் மாறவில்லை. மானிட்டரின் சொந்த மெனுவை இடது ஓரத்துக்கு நகர்த்தினால் அதுவும் அந்தப் பட்டைக்குள் மறைகிறது (படம் 2, வீடியோ). எனவே கோளாறு கம்ப்யூட்டரிலோ கேபிளிலோ இல்லை.
>
> மானிட்டரில் உடைசல், கீறல் இல்லை. திறக்கப்படவில்லை. பெட்டி, தெர்மாகோல், கேபிள், ஸ்டாண்ட் அனைத்தும் பத்திரமாக உள்ளன.
>
> இதே மாடலில் வேறு மானிட்டர் மாற்றித் தர வேண்டுகிறேன். இருப்பு இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தரவும். பழையதை எடுத்துச் செல்லும் ஏற்பாடும் உங்களுடையதாக இருக்கட்டும். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்.
>
> (பெயர், ஆர்டரில் உள்ள முகவரி, செல்போன் எண்)

கோபமாக ஒரு வார்த்தை இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "பணம் குடுத்து ஏமாந்திருக்கறேனுங்க, நாலு வார்த்தை நறுக்குனு கேக்க வேண்டாமுங்களா?" என்றார். கேட்கலாம். ஆனால் படிக்கிறவர் அந்த மானிட்டரைச் செய்தவரும் அல்ல, அனுப்பியவரும் அல்ல. அவருக்கு முன்னால் சில கட்டங்கள் இருக்கும்: எந்த ஆர்டர், என்ன கோளாறு, எதையெல்லாம் பார்த்தாகிவிட்டது, என்ன கேட்கிறார். நான்கையும் நிரப்பிக் கொடுத்தால் நம் வேலை சுலபம்.

இன்வாய்ஸை நன்றாகப் பார்க்க வேண்டும். நாம் பொருளை வாங்கிய தளம் ஒன்று, பொருளை விற்றவர் வேறொருவர், தயாரித்த நிறுவனம் இன்னொன்று என்று இருக்கலாம். விற்பனையாளருக்கு எழுதி, தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் நகல் அனுப்புவது நல்லது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அந்த அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. முதல் கடிதத்திலேயே இதையெல்லாம் எடுத்து வீசத் தேவையில்லை. மறுத்தால் இரண்டாவது கடிதத்தில் எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மானிட்டர் போன்ற விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை.

முதல் பதில் எதிர்பார்த்தபடியே வந்தது. கேபிளை மாற்றிப் பாருங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள். "என் கடிதத்தின் மூன்றாவது பத்தியையும் இணைத்துள்ள வீடியோவையும் பார்க்க வேண்டுகிறேன்" என்று ஒரே வரியில் அதன்மேலேயே பதில் எழுதினார். புதிதாக இன்னொரு மின்னஞ்சல் தொடங்கினால் வேறொருவர் கையில் விழும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அடுத்து, தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் காட்டச் சொன்னார்கள். வாரன்டியில் ரிப்பேர் செய்து தருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் புதுப் பொருளை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டால், மாற்றித் தரும் பேச்சு அதோடு முடிந்துபோகும். வந்த அன்றே பழுதான பொருளுக்கு அந்த சர்வீஸ் சென்டர்கள் 'டிஓஏ' என்று ஒரு சான்று தருவதுண்டு. வந்து பார்த்து அந்தச் சான்றைத் தரட்டும், ரிப்பேருக்குச் சம்மதமில்லை என்று எழுதினார். டெக்னீஷியன் வந்தார், மெனுவை ஓரத்துக்கு நகர்த்திப் பார்த்தார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாற்று மானிட்டருக்கு ஒப்புதல் வந்தது.

புது மானிட்டர் வந்த அன்று மாலையே போன். "அண்ணா, இதுலயும் ஓரத்துல கறுப்பா இருக்குதுங்க." எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு மில்லிமீட்டர், மேலேயும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. கோடு போட்ட படத்தில் 0 தெரிகிறது, 1910ம் தெரிகிறது. சட்டமே இல்லாதது போல விளம்பரம் செய்யும் மானிட்டர்களில் கண்ணாடிக்கு அடியில் அந்த அளவு கறுப்பு விளிம்பு இருக்கும். அங்கே பிக்சலே கிடையாது. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மூன்று என்று சாய்ந்திருந்தால் பேனல் சட்டத்துக்குள் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கலாம். சமமாக இருந்தால் அது அமைப்பே அப்படித்தான், மின்னஞ்சல் வேண்டியதில்லை என்றேன். "அப்ப பெட்டியைத் தூக்கிப் போட்டுறலாமுங்களா?" என்றார். மாற்றித் தரும் கெடு முடியட்டும் என்றேன்.